200 நோயாளி, 200 நோயில்லாதவர்: இந்த டேபிளில் பி.பி.வி. எழுதலாமா?

ஏழாம்பெஞ்சு | மார்ச் 3, இரவு 11:42

இன்னைக்கு கம்யூனிட்டி மெடிசின் பேப்பர் முடிஞ்சுது. ஒரே ஒரு கணக்கு தூங்க விடமாட்டேங்குது. ஞாபகத்துல இருந்து எழுதறேன்.

சர்க்கரை நோய்க்கு ஒரு புது ஸ்கிரீனிங் டெஸ்ட். நோய் இருக்குன்னு ஏற்கெனவே தெரிஞ்ச 200 பேருக்கும், நோய் இல்லாத 200 பேருக்கும் செஞ்சு பார்த்தாங்க. நோயாளிகள்ல 160 பேருக்கு பாசிட்டிவ். நோயில்லாதவங்கள்ல 20 பேருக்கு பாசிட்டிவ். (அ) சென்சிட்டிவிட்டி, ஸ்பெசிஃபிசிட்டி, பி.பி.வி., என்.பி.வி. நாலும் வேணும். (ஆ) 5 சதவீதம் பேருக்கு நோய் இருக்குற மக்கள்கிட்ட இதே டெஸ்ட்டைச் செஞ்சா பி.பி.வி. என்ன?

நான் போட்ட டேபிள்:

```
             நோய் உண்டு   நோய் இல்லை   மொத்தம்
பாசிட்டிவ்       160           20          180
நெகட்டிவ்         40          180          220
மொத்தம்          200          200          400
```

சென்சிட்டிவிட்டி 80, ஸ்பெசிஃபிசிட்டி 90, பி.பி.வி. 88.9, என்.பி.வி. 81.8. இதுவரைக்கும் எல்லாரும் இதேதான். (ஆ)-வுக்கு "டெஸ்ட் மாறவில்லை, எனவே பி.பி.வி. மாறாது" னு எழுதி மறுபடியும் 88.9 போட்டுட்டேன். பக்கத்து ரூம்காரன் 29.6 னு சொல்றான். 88.9 எங்க, 29.6 எங்க. யார் அவுட்?

அரைமார்க் | மார்ச் 3, இரவு 11:50

ரெண்டுக்கும் சராசரி 59.25 எழுதியிருந்தா ரெண்டு பக்கமும் அரை அரை மார்க்.

ரெசிடென்ட்_இரண்டாமாண்டு | மார்ச் 4, காலை 6:15

பக்கத்து ரூம்காரர்தான் சரி. சென்சிட்டிவிட்டியும் ஸ்பெசிஃபிசிட்டியும் டெஸ்டோட பிறவிக்குணம், எங்க கொண்டு போனாலும் மாறாது. பி.பி.வி. பிரிவலன்ஸோட மாறும். அதனால (அ)-வுல 88.9, (ஆ)-வுல 29.6. ரெண்டுமே சரியான விடை, பிரிவலன்ஸ்தான் வேற வேற: முதல்ல 50 சதவீதம், அப்புறம் 5 சதவீதம். அவ்வளவுதான், இதுல குழம்ப ஒண்ணுமில்ல.

ஏழாம்பெஞ்சு | மார்ச் 4, காலை 6:40

29.6 எப்படி வந்துச்சுன்னு ஒரு வரி எழுதியிருக்கலாமே சார். ஃபார்முலாவைப் பார்த்தா கண்ணைக் கட்டுது.

சிவப்புப்பேனா | மார்ச் 4, காலை 9:05

ஃபார்முலா வேண்டாம். ஆயிரம் பேரை எடுத்து வரிசையில் நிறுத்துங்கள்.

5 சதவீதம் என்றால் 50 பேருக்கு நோய், 950 பேருக்கு இல்லை. அந்த 50 பேரில் 80 சதவீதத்தை டெஸ்ட் பிடிக்கும், 40 பேர். 10 பேர் நழுவிவிடுவார்கள். 950 பேரில் 90 சதவீதத்தைச் சரியாக விட்டுவிடும். மீதி 10 சதவீதம், 95 பேர், வீணாக மாட்டுவார்கள். பாசிட்டிவ் என்று சீட்டோடு வெளியே வருபவர்கள் 40 + 95 = 135. அவர்களில் உண்மையான நோயாளி 40. 40/135 = 29.6 சதவீதம். பேப்பரில் இப்படியே எழுதினாலும் முழு மார்க். ஃபார்முலாவை எழுதித் தலைகீழாகப் போடுவதைவிட இது பாதுகாப்பு.

ஆனால் எனக்கு (ஆ)-வில் சிக்கல் இல்லை, (அ)-வில்தான். "88.9 சரியான விடை, பிரிவலன்ஸ் 50 சதவீதம்" என்று ரெசிடென்ட் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த 50 சதவீதம் எங்கிருந்து வந்தது? எந்த ஊரிலும் யாரும் அளந்து பார்த்து வந்ததில்லை. ஆராய்ச்சி செய்தவர் தன் வசதிக்கு 200 பேரை இந்தப் பக்கமும் 200 பேரை அந்தப் பக்கமும் நிறுத்தினார். நோயில்லாதவர்கள் சுலபமாகக் கிடைப்பார்கள் என்று 2,000 பேரை எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதே டெஸ்ட், அதே நோயாளிகள். வீண் பாசிட்டிவ் 20-க்குப் பதில் 200. பி.பி.வி. 160/360, அதாவது 44.4. ஆளைத் தேடுவதில் சோம்பலா சுறுசுறுப்பா என்பதை வைத்து மாறுகிற ஓர் எண்ணை டெஸ்டின் பி.பி.வி. என்று எப்படிச் சொல்வது?

நெடுக்காகக் கூட்டுங்கள், 200, 200. இந்த மொத்தங்களை ஆராய்ச்சியாளர் நிர்ணயித்தார். அதனால் நெடுக்குப் பத்தியின் உள்ளே வகுக்கலாம், சென்சிட்டிவிட்டியும் ஸ்பெசிஃபிசிட்டியும் நம்பலாம். குறுக்காகக் கூட்டி வந்த 180, 220 இரண்டும் ஒட்டுப்போட்ட எண்கள். தனித்தனியாகப் பொறுக்கிய இரண்டு கூட்டத்தை ஒரே கூடையில் கொட்டி எண்ணியிருக்கிறோம்.

அரைமார்க் | மார்ச் 4, காலை 9:20

அப்போ கொஸ்டினே தப்பு. எல்லாருக்கும் முழு மார்க். தீர்ப்பு முடிஞ்சது, கலையலாம்.

ஓ_பாசிட்டிவ் | மார்ச் 4, மதியம் 1:30

நான் டாக்டருக்குப் படிக்கிறவன் இல்லை. பாசிட்டிவ், பொய் பாசிட்டிவ்னு தேடும்போது இந்தப் பக்கம் வந்துட்டேன். மூணு வாரத்துக்கு முன்னாடி ரத்த தானம் பண்ணினேன். ஆறு நாள் கழிச்சு போன் பண்ணி, எச்.ஐ.வி. டெஸ்ட் "ரியாக்டிவ்"னு வந்திருக்கு, நேர்ல வாங்கன்னாங்க. டெஸ்ட் எவ்வளவு நம்பகம்னு கேட்டதுக்கு அங்க இருந்தவர் "99 பர்சென்ட் கரெக்டா இருக்கும்"னுட்டார். அப்போ எனக்கு நோய் இருக்க 99 பர்சென்ட் வாய்ப்புன்னுதானே அர்த்தம்? மேற்கொண்டு ரத்தம் எடுத்து அனுப்பியிருக்காங்க, ரிசல்ட் இன்னும் வரலை. வீட்ல யார்கிட்டயும் சொல்லலை.

ரெசிடென்ட்_இரண்டாமாண்டு | மார்ச் 4, மதியம் 2:02

இது எக்ஸாம் கணக்குக்கான இழை. உங்க கேள்விக்கு டாக்டரைப் பாருங்க.

சிவப்புப்பேனா | மார்ச் 4, மதியம் 2:45

ரெசிடென்ட், அவர் கேட்டிருப்பதுதான் அந்த (ஆ) கேள்வி. உயிரோடு வந்து நிற்கிறது.

ஓ_பாசிட்டிவ், உங்களிடம் சொன்ன 99 என்பது டெஸ்ட்டை வைத்துச் சொன்னது. உங்களை வைத்து இல்லை. கணக்குக்காக மட்டும் சில எண்களை வைத்துக்கொள்கிறேன், உங்கள் மையத்தின் எண்கள் எனக்குத் தெரியாது. தானம் செய்ய வந்த 10,000 பேர். கேள்விகள் கேட்டு வடிகட்டித்தான் படுக்க வைக்கிறார்கள், அதனால் உண்மையில் தொற்று உள்ளவர்கள் மிகக் குறைவு. 10 பேர் என்று வையுங்கள். டெஸ்ட் அந்தப் பத்துப் பேரையும் பிடித்துவிடுகிறது. மீதி 9,990 பேரில் 99.5 சதவீதத்தைச் சரியாக விடுகிறது என்றாலும் அரை சதவீதம் மாட்டும், ஏறக்குறைய 50 பேர். போன் வருவது 60 பேருக்கு. அவர்களில் 50 பேர் வீணாகத் தூக்கம் கெட்டவர்கள்.

ரத்த வங்கியில் அப்படித்தான் வைப்பார்கள். ஒரு பை தவறாக வெளியே போவதைவிட ஐம்பது பை வீணாவது மேல் என்று. அதனால்தான் "ரியாக்டிவ்" என்று சொல்கிறார்கள், "நோய் உண்டு" என்று சொல்வதில்லை. உறுதிப்படுத்தும் ரிசல்ட் வரும்வரை இரண்டு பக்கமும் முடிவு கட்டாதீர்கள். வந்ததும் கவுன்சலரிடம் நேரில் உட்கார்ந்து பேசுங்கள். அதுவரை மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டாம்.

ஓ_பாசிட்டிவ் | மார்ச் 4, மதியம் 3:10

60-ல 50. இதை ஒரு பேப்பர்ல எழுதி சட்டைப் பையில வெச்சுக்கிட்டேன். நன்றி மேடமா சாரான்னு தெரியல.

சிவப்புப்பேனா | மார்ச் 4, மதியம் 3:12

மேடம்.

நாற்கட்டம் | மார்ச் 4, மாலை 5:30

ஓ_பாசிட்டிவ் நண்பருக்கு ஒரு சின்ன எச்சரிக்கை. அவசரப்பட்டு வெளியே அதே கிட்டில் இன்னொரு முறை பார்த்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். முதல் முறை எந்தப் பொருள் டெஸ்ட்டை ஏமாற்றியதோ அதே பொருள் அதே ரத்தத்தில் இரண்டாம் முறையும் ஏமாற்றும். வேறு தத்துவத்தில் இயங்கும் டெஸ்ட் என்றால்தான் அந்த 60 பேர் கூட்டத்தில் மறுபடி சலிக்க முடியும். அந்தக் கூட்டத்தில் பிரிவலன்ஸ் 60-க்கு 10 ஆகிவிட்டது, அதனால் அங்கே வரும் பாசிட்டிவுக்கு எடை மிக அதிகம்.

ஏழாம்பெஞ்சு | மார்ச் 4, இரவு 10:20

சரி, எண்ணை மாத்தி மாத்திப் போட்டுப் பார்த்தேன். எனக்கே ஆச்சரியமா இருக்கு, அதனால எழுதறேன்.

அதே ஆயிரம் பேர், 5 சதவீதம். டெஸ்ட்டை முன்னேத்தணும்னு சென்சிட்டிவிட்டியை 80-ல இருந்து நேரா 100 ஆக்கினேன். ஒரு ஆளைக்கூட விடாத டெஸ்ட். பி.பி.வி. 50/145, அதாவது 34.5. இவ்வளவுதானா! திரும்ப 80-லயே வெச்சுட்டு ஸ்பெசிஃபிசிட்டியை மட்டும் 90-ல இருந்து 95 ஆக்கினேன். வீண் பாசிட்டிவ் 95-ல இருந்து பாதியா குறைஞ்சு 47.5. பி.பி.வி. 40/87.5, 45.7.

20 பாயின்ட் ஏத்தினது தோத்துடுச்சு, 5 பாயின்ட் ஏத்தினது ஜெயிச்சுடுச்சு. 950 பேர் பக்கம் ஒரு சதவீதம் அசைஞ்சாலே ஒன்பது பேருக்கு மேல அசையுது, 50 பேர் பக்கம் ஒரு சதவீதம்னா அரை ஆள். இதை யாராவது கிளாஸ்ல ஆயிரம் பேரை நிறுத்திச் சொல்லியிருந்தா "மாறாது"ன்னு எழுதியிருப்பேனா.

அரைமார்க் | மார்ச் 4, இரவு 10:31

47.5 பேர்ல அந்த அரை ஆள் யாரு? எனக்குத் தெரிஞ்சவரா இருப்பார்போல.

ரெசிடென்ட்_இரண்டாமாண்டு | மார்ச் 5, காலை 7:00

மேடம் சொன்ன 2,000 பேர் உதாரணம் எனக்கும் உறைச்சது, அதை ஒத்துக்கறேன். ஆனா சென்சிட்டிவிட்டி பிறவிக்குணம்ங்கறதுல மாற்றமில்ல. பிரிவலன்ஸ் ஏறினாலும் இறங்கினாலும் நெடுக்குப் பத்திக்குள்ளதானே வகுக்கறோம். கணக்குல எங்கயும் பிரிவலன்ஸ் வரவே இல்லை.

சிவப்புப்பேனா | மார்ச் 5, காலை 10:15

கணக்கில் வரவில்லை, உண்மை. ஆட்களில் வருகிறது.

"ஏற்கெனவே தெரிஞ்ச 200 நோயாளிகள்" என்கிறதே கேள்வி. அவர்களை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். கற்பனை எண்கள்தான், ஆனால் மொத்தம் கேள்வித்தாளோடு ஒத்துப்போகும். 120 பேர் பல வருட நோயாளிகள், சர்க்கரை நன்றாக ஏறியவர்கள். அவர்களில் 114 பேரை டெஸ்ட் பிடிக்கிறது, 95 சதவீதம். 80 பேர் புதிதாக ஆரம்பித்தவர்கள், கட் ஆஃப் கோட்டை ஒட்டியே நிற்பவர்கள். அவர்களில் 46 பேரைத்தான் பிடிக்கிறது, 57.5 சதவீதம். 114 + 46 = 160. அழகாக 80 சதவீதம் வந்துவிட்டது.

இப்போது ஸ்கிரீனிங்குக்குப் போங்கள். அங்கே யாரைத் தேடுகிறோம்? நோய் இருப்பதே தெரியாதவர்களை. அவர்களில் பெரும்பாலோர் அந்த 80 பேர் ரகம். முழுக்க அந்த ரகமே என்றால் அங்கே சென்சிட்டிவிட்டி 57.5. கிளினிக்கில் அளந்த 80 அங்கே வராது. கிட் அதே கிட், கோளாறு எதுவும் ஆகவில்லை. நோயின் முகம்தான் மாறிவிட்டது. நோயில்லாதவர்கள் பக்கமும் இதே கதை: திடமான இளைஞர்களை நிறுத்தினால் ஸ்பெசிஃபிசிட்டி ஜொலிக்கும், கோட்டுக்குச் சற்றுக் கீழே நிற்பவர்களைச் சேர்த்தால் மங்கும்.

பேப்பரில் "பிரிவலன்ஸைச் சார்ந்ததல்ல" என்று எழுதினால் மார்க் உண்டு. "ஒருபோதும் மாறாது" என்று எழுதாதீர்கள்.

நாற்கட்டம் | மார்ச் 5, காலை 11:40

மேடத்தோடு ஓரிடத்தில் முரண்படுகிறேன். ஏற்கெனவே தெரிந்த நோயாளிகள் என்றால் மாத்திரையில் இருப்பார்கள். ரத்தச் சர்க்கரையைப் பார்க்கும் டெஸ்ட்டாக இருந்தால் கட்டுக்குள் இருக்கும் பழைய நோயாளியே நெகட்டிவ் ஆகிவிடுவார். அப்போது கிளினிக்கில்தான் சென்சிட்டிவிட்டி குறையும், ஸ்கிரீனிங்கில் கூடும். உங்கள் இரண்டு ரகமும் இடம் மாறிக்கொள்ளலாம்.

சிவப்புப்பேனா | மார்ச் 5, மதியம் 12:20

சரியான பிடி. திசையை நான் நிச்சயமாகச் சொல்லியிருக்கக் கூடாது. மருந்தை நிறுத்தி எடுத்தார்களா, எந்த டெஸ்ட் என்று கேள்வித்தாள் சொல்லாதவரை 80 எந்தப் பக்கம் சாயும் என்று நமக்குத் தெரியாது. சாயும் என்பது மட்டும் தெரியும்.

ஏழாம்பெஞ்சு | மார்ச் 5, இரவு 9:15

அய்யோ. கேள்வித்தாள் ஒரிஜினல் இப்பதான் கைக்கு வந்துச்சு. நான் ஞாபகத்துல எழுதினது சரியில்லை. மன்னிக்கணும்.

அதுல "ஏற்கெனவே தெரிந்த"னே இல்லை. இருக்குறது இவ்வளவுதான்: 400 பேருக்கு டெஸ்ட் செய்யப்பட்டது, கோல்ட் ஸ்டாண்டர்ட் படி 200 பேருக்கு நோய் இருந்தது, 200 பேருக்கு இல்லை. தனித்தனியா பொறுக்கினாங்களா, 400 பேர் ஒரே கும்பலா வந்தாங்களான்னு ஒரு வார்த்தை கிடையாது. ரெண்டு நாளா மேடத்தை வேற கேள்விக்கு விடை எழுத வெச்சுட்டேன்.

ரெசிடென்ட்_இரண்டாமாண்டு | மார்ச் 5, இரவு 9:40

அப்போ 88.9 பிழைச்சுடுச்சு. 400 பேரும் வரிசையா வந்தவங்கன்னா 50 சதவீதம் அந்தக் கூட்டத்தோட நிஜமான பிரிவலன்ஸ். குறுக்காவும் வகுக்கலாம், நெடுக்காவும் வகுக்கலாம்.

சிவப்புப்பேனா | மார்ச் 6, காலை 8:50

அப்படி வந்திருந்தால், ஆமாம். ஒரே வாசல் வழியாக 400 பேர் வந்து, எல்லோருக்கும் டெஸ்டும் கோல்ட் ஸ்டாண்டர்டும் செய்திருந்தால் நான்கு எண்ணும் நம்பலாம், அந்த வாசலுக்கு மட்டும். ஆனால் சரியாக 200, சரியாக 200 என்று வரிசையில் வருமா? 193-உம் 207-உம் வந்தால் நம்புவேன். உருண்டை எண்ணைப் பார்த்ததும் பொறுக்கி எடுத்ததோ என்று மூக்கு வியர்க்கிறது.

நான் திருத்த ஆரம்பித்த முதல் வருடத்தில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இதே ஜாதிக் கணக்கு. ஒரு பேப்பரில் சென்சிட்டிவிட்டி, ஸ்பெசிஃபிசிட்டி எழுதிவிட்டு, பி.பி.வி. இடத்தில் "இந்த அமைப்பிலிருந்து கணக்கிட இயலாது, பிரிவலன்ஸ் தேவை" என்று ஒரே வரி. கீயில் 90 என்று இருந்தது. விடை இல்லை என்று சுழித்துவிட்டேன். கட்டு திரும்பிப் போய் ஒரு வாரம் கழித்து, பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது உறைத்தது. அந்தப் பிள்ளை எழுதியதுதான் சரி. யார் பேப்பர் என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் வழியில்லை.

அதனால் ஏழாம்பெஞ்சு மாதிரி இக்கட்டில் மாட்டுகிறவர்கள் டேபிளில் வரும் 88.9-ஐ எழுதிவிடுங்கள், கூடவே "ஆய்வுக் குழுவில் பிரிவலன்ஸ் 50% என்பதால்" என்று நான்கு சொல் சேருங்கள். கீயோடு ஒப்பிடுபவரும் மார்க் போடுவார், யோசிப்பவரும் போடுவார். (ஆ)-வுக்கு மட்டும் அந்த எண்ணைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

நாற்கட்டம் | மார்ச் 6, காலை 9:30

நான்கு சொல் சேர்ப்பது தேர்வுக்குச் சரி. ஆராய்ச்சிக் கட்டுரையில் அப்படி எழுதினால் நான் விடமாட்டேன், அங்கே பொறுக்கி எடுத்த ஆட்களிலிருந்து பி.பி.வி. போடவே கூடாது.

சிவப்புப்பேனா | மார்ச் 6, காலை 9:45

போடலாம், ஆனால் பிரிவலன்ஸ் 1, 5, 10 என்று தனித்தனியாகக் கணக்கிட்டுப் போட வேண்டும். இதில் நீங்களும் நானும் ஒத்துப்போக மாட்டோம் என்று நினைக்கிறேன்.

மேல்பெஞ்சு_வாணி | மார்ச் 6, மதியம் 1:05

எங்க பேப்பர்ல வேற கூத்து. டேபிளையே திருப்பிக் குடுத்துட்டாங்க, நோய் குறுக்குவாட்டுல, டெஸ்ட் நெடுக்குல. நான் கண்ணை மூடிட்டு a/(a+c) போட்டேன். பி.பி.வி.யை சென்சிட்டிவிட்டின்னு எழுதிட்டு வந்திருக்கேன், என்.பி.வி.யை ஸ்பெசிஃபிசிட்டின்னு. a, b, c, d மனப்பாடம் பண்ணினதுக்குத் தண்டனை.

அரைமார்க் | மார்ச் 6, மதியம் 1:11

பேப்பரைத் திருப்பிப் பிடிச்சுத் திருத்தச் சொல்லுங்க.

நாற்கட்டம் | மார்ச் 6, மதியம் 1:40

வாணி, நான் எழுத்துகளைத் தொடுவதே இல்லை. ஒவ்வொன்றுக்கும் "யாருக்குள்ளே?" என்று கேட்பேன். சென்சிட்டிவிட்டியா, நோயாளிகளுக்குள்ளே. பி.பி.வி.யா, பாசிட்டிவ் வந்தவர்களுக்குள்ளே. அந்த மொத்தத்தில் விரலை வைத்துவிட்டு மேலே ஏறுவேன். டேபிள் குப்புற விழுந்து கிடந்தாலும் விடை மாறாது.

அப்புறம் இது மாணவர்கள் மட்டும் சறுக்கும் இடமில்லை. 1978-இல் ஹார்வர்டின் பயிற்சி மருத்துவமனைகளில் 60 பேரிடம் ஒரு கேள்வி கேட்டார்கள், மூத்த டாக்டர்களும் அதில் உண்டு. ஆயிரத்தில் ஒருவருக்கு நோய், ஃபால்ஸ் பாசிட்டிவ் 5 சதவீதம், பாசிட்டிவ் வந்தவருக்கு நோய் இருக்க என்ன வாய்ப்பு? விடை ஏறக்குறைய 2 சதவீதம். 60 பேரில் 11 பேர்தான் சொன்னார்கள். மற்றவர்களில் அதிகம் பேர் சொன்ன விடை 95.

மேல்பெஞ்சு_வாணி | மார்ச் 6, மதியம் 1:52

சென்சிட்டிவிட்டி எவ்வளவுன்னு கேள்வியிலயே இல்லையே?

நாற்கட்டம் | மார்ச் 6, மதியம் 1:58

இல்லைதான். 100 என்றே வைத்தாலும் ஆயிரத்துக்கு ஒரு நிஜம், ஐம்பது வீண். 1/51. குறைவாக வைத்தால் இன்னும் கீழே போகும். எப்படியும் 95 பக்கம் எட்டிப் பார்க்காது.

ரெசிடென்ட்_இரண்டாமாண்டு | மார்ச் 7, இரவு 12:20

ஒரு சந்தேகம். கேட்கலாமா வேண்டாமான்னு ரெண்டு நாளா யோசிச்சேன். என் தீசிஸ். 1,000 பேருக்கு ஸ்கிரீனிங் டெஸ்ட். 135 பேருக்கு பாசிட்டிவ், அவங்க எல்லாருக்கும் கோல்ட் ஸ்டாண்டர்ட் பண்ணினேன், 40 பேருக்கு நோய். நெகட்டிவ் வந்த 865 பேருக்கும் பண்ண கிட்டும் இல்லை, ஆளும் இல்லை. அதனால அஞ்சுல ஒருத்தரைக் குலுக்கல்ல எடுத்து 173 பேருக்குப் பண்ணினேன், 2 பேருக்கு நோய். டேபிள் போட்டா:

```
             நோய் உண்டு   நோய் இல்லை   மொத்தம்
பாசிட்டிவ்        40           95          135
நெகட்டிவ்          2          171          173
மொத்தம்           42          266          308
```

சென்சிட்டிவிட்டி 40/42, 95.2. ஸ்பெசிஃபிசிட்டி 171/266, 64.3. மத்தவங்க எல்லாரும் இந்த டெஸ்டுக்கு 90 பக்கம் ஸ்பெசிஃபிசிட்டி சொல்றாங்க. எனக்கு மட்டும் ஏன் இவ்வளவு கீழே? ரீடிங் எடுத்தவங்க மேலதான் சந்தேகம்.

சிவப்புப்பேனா | மார்ச் 7, காலை 8:30

ரீடிங் எடுத்தவர்களைத் திட்டிவிடாதீர்கள், அவர்கள் பாவம். ஏழாம்பெஞ்சு முதலில் சொன்ன கதை கண்ணாடியில் தெரிகிறது இங்கே.

அங்கே நோயை வைத்து ஆளைப் பொறுக்கினார்கள், அதனால் குறுக்குவாட்டு மொத்தம் பொய்யானது. நீங்கள் டெஸ்ட் ரிசல்டை வைத்துப் பொறுக்கியிருக்கிறீர்கள். பாசிட்டிவ் அத்தனை பேர், நெகட்டிவில் ஐந்துக்கு ஒருவர். அதனால் உங்கள் குறுக்கு வரிசைகள் சுத்தம், நெடுக்குப் பத்திகள் பொய். பி.பி.வி. 40/135 நம்பலாம். என்.பி.வி. 171/173 நம்பலாம். சென்சிட்டிவிட்டியும் ஸ்பெசிஃபிசிட்டியும் அந்த 42-ஐயும் 266-ஐயும் வைத்து வகுக்க முடியாது, நெகட்டிவ்காரர்களில் ஐந்தில் நான்கு பேர் அந்த மொத்தங்களுக்குள் வரவே இல்லை.

தப்பிக்க வழி இருக்கிறது, குலுக்கலில் எடுத்ததால். வந்த ஒவ்வொருவரும் ஐந்து பேருக்குப் பதிலாக நிற்கிறார். நெகட்டிவ் வரிசையை ஐந்தால் பெருக்குங்கள்.

ரெசிடென்ட்_இரண்டாமாண்டு | மார்ச் 7, காலை 8:55

2-க்கு 10. 171-க்கு 855. சென்சிட்டிவிட்டி 40/50, 80. ஸ்பெசிஃபிசிட்டி 855/950, 90.

90.

ஏழாம்பெஞ்சு | மார்ச் 7, காலை 9:10

சார் இது என் (ஆ) கணக்கு! 40, 95, 10, 855. அச்சு அசல்.

நாற்கட்டம் | மார்ச் 7, காலை 10:00

ரெசிடென்ட், ஸ்பெசிஃபிசிட்டி 90 உறுதியாக நிற்கும். சென்சிட்டிவிட்டி 80 அப்படி இல்லை. அது இரண்டே ஆட்களின் தோளில் நிற்கிறது. குலுக்கலில் ஒருவர் கூடுதலாக மாட்டி 3 ஆகியிருந்தால் 15, சென்சிட்டிவிட்டி 40/55, 72.7. ஒருவர் குறைந்து 1 ஆகியிருந்தால் 5, 40/45, 88.9. கான்ஃபிடன்ஸ் இன்டர்வலை 308 பேருக்கான சாதாரண வழியில் போட்டுவிடாதீர்கள், பெருக்கிய எண்ணை நிஜ ஆட்களாக நினைத்து 1,000 பேருக்கும் போடாதீர்கள். இரண்டுமே அந்த ஊசலாட்டத்தை மறைத்துவிடும். புள்ளியியல்காரரிடம் "நெகட்டிவ்களில் ஐந்தில் ஒருவர்தான் சரிபார்க்கப்பட்டார்" என்ற வாக்கியத்தோடு போங்கள்.

சிவப்புப்பேனா | மார்ச் 7, காலை 10:20

குலுக்கல் நிஜமாகவே குலுக்கலா? காத்திருக்கச் சம்மதித்த 173 பேர் என்றால் ஐந்தால் பெருக்குவதும் கேள்விக்குறி.

ரெசிடென்ட்_இரண்டாமாண்டு | மார்ச் 7, காலை 10:48

லிஸ்ட் போட்டுக் குலுக்கல்தான். ஆனா 11 பேர் வரலை, அவங்களுக்குப் பதிலா லிஸ்ட்ல அடுத்து இருந்தவங்களை எடுத்தேன்.

ஓ_பாசிட்டிவ் | மார்ச் 8, மாலை 4:15

ரிசல்ட் வந்துச்சு. நெகட்டிவ். கொஞ்ச நாள் கழிச்சு இன்னொரு தடவை பார்க்கச் சொல்லியிருக்காங்க, போவேன். பையில இருந்த பேப்பரைக் கவுன்சலர் மேடம்கிட்ட காட்டினேன். அவங்க போட்டோ எடுத்துக்கிட்டாங்க.

அரைமார்க் | மார்ச் 8, மாலை 4:20

இந்த இழையில முதல் தடவையா ஜோக் வரலை. நல்லா இருங்க.

ரெசிடென்ட்_இரண்டாமாண்டு | மார்ச் 9, இரவு 11:30

ஓ_பாசிட்டிவ், அன்னைக்கு வெடுக்குனு சொன்னதுக்கு ஸாரி.

தீசிஸ்ல ஏழாவது டேபிள் முழுக்க மாறுது, அதை நம்பி எழுதின டிஸ்கஷன்ல மூணு பக்கமும் போகுது. "எங்கள் மக்களிடம் ஸ்பெசிஃபிசிட்டி குறைவாக இருப்பதற்கான காரணங்கள்" னு தனித் தலைப்பே வெச்சு அஞ்சு காரணம் எழுதி வெச்சிருக்கேன். அந்த 11 பேரை என்ன பண்றதுன்னு இன்னும் தெரியல. நாளைக்குக் காலையில கைடைப் பார்க்கணும், பைண்டிங்குக்குக் குடுத்ததை முதல்ல நிறுத்தணும்.